புரிந்துவிட்டால் போதுமா? கொள்ளேகால் சந்தையில் i+1

கொள்ளேகால் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது அது மைசூர் மாவட்டத்திற்குப் போயிற்று; 1997இல் சாமராஜநகர் மாவட்டம் உருவானபோது அதனுள் அடங்கியது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, பட்டு வணிகமும் மலை மாதேஸ்வரன் கோயிலுக்குச் செல்லும் கூட்டமும் நிற்கவில்லை. தமிழும் கன்னடமும் அங்கே இன்றும் ஒரே தெருவில் நடமாடுகின்றன. இத்தகைய ஊர்களில் ஒருவகை மனிதர் மிகுதி. எதிராளியின் மொழி அவர்களுக்கு முற்றும் விளங்கும்; விடை மட்டும் தம் மொழியிலேயே வரும். ஒருவர் கன்னடத்தில் விலை கேட்பார், மற்றவர் தமிழில் விலை சொல்வார், பணம் கைமாறும், வாழ்நாள் முழுவதும் இப்படியே கழியும்.

மொழி கற்றலைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற கொள்கைக்கு இந்த மனிதர்களே கடினமான சோதனை. ஸ்டீபன் கிராஷன் 1980களின் தொடக்கத்தில் எழுதிய நூல்களின் வழியே பரவிய ‘புரியும் உள்ளீடு’ என்ற கருத்து இன்று மொழி கற்பிப்போரிடையே ஏறத்தாழ வேதவாக்காகிவிட்டது. இலக்கணப் பயிற்சியால் எவரும் மொழியைப் பெறுவதில்லை, புரியும்படியான பேச்சையும் எழுத்தையும் ஏராளமாகக் கேட்டும் படித்தும் பெறுகிறார்கள், பேச்சு தானே பின்னால் வரும் என்பது அதன் சாரம். கற்பவரின் இன்றைய நிலையை i என்று கொண்டால், அவருக்குத் தரவேண்டியது i+1. அதாவது, இன்னும் வசப்படாத ஒரு கூறு கலந்திருந்தும், சூழலின் துணையால் பொருள் விளங்கிவிடுகிற பேச்சு.

இதைப் பலரும் சற்றுத் தவறாகவே சொல்லி வருகிறார்கள். ‘பேச முடிவதைவிடச் சற்றுக் கூடுதலாகப் புரிந்துகொண்டால் முன்னேற்றம்’ என்று அது சுருக்கப்படுகிறது. பேச்சைவிடப் புரிதல் எப்போதுமே முந்தியிருக்கும், தாய்மொழியிலும் அப்படித்தான். அந்த இடைவெளியே முன்னேற்றத்தைத் தரும் என்றால், கொள்ளேகால் கடைத்தெருவில் இருபது ஆண்டுகள் அமர்ந்தவர் எல்லோரும் இரு மொழியிலும் பாவலர்களாகியிருக்க வேண்டும். கிராஷன் சொன்ன +1 பேச்சுக்கும் புரிதலுக்கும் இடையில் இல்லை. புரிதலின் விளிம்பிலேயே இருக்கிறது. விளிம்பு எங்கே என்பதுதான் கேள்வி. அதை எப்படி அளப்பது என்று அவர் சொல்லவில்லை என்பது 1984இல் கெவின் கிரெக் முதலானோர் எழுப்பிய மறுப்பு. அந்த மறுப்பு பொதுவாகப் பார்த்தால் நியாயமானது. ஆனால் தமிழும் கன்னடமும்போல நெருங்கிய உறவுடைய இரு மொழிகளை எடுத்துக்கொண்டால், விளிம்பை ஓரளவு கண்ணாலேயே காணலாம்.

கன்னடம் அறியாத தமிழர் ஒருவர் கொள்ளேகால் சந்தைக்குள் நுழைகிறார் என்று கொள்வோம். பழைய கன்னடத்தில் சொல்முதலில் நின்ற பகரம் காலப்போக்கில் ஹகரமாயிற்று. ஹாசன் மாவட்டத்து ஹல்மிடி என்னும் ஊரின் பழைய கல்வெட்டில் அந்த ஊர்ப்பெயரே பல்மிடி என்றுதான் உள்ளது. ஆகவே பால் ஹாலு ஆகும், பூ ஹூ ஆகும், பணம் ஹண ஆகும், பாகற்காய் ஹாகலகாயி ஆகும். அதேபோல் தமிழின் சொல்முதல் வகரத்திற்குக் கன்னடத்தில் பகரம் நிற்கும். ‘பாட்டு’ என்பதில் வரும் வல்லொலியாக அன்றி, ‘பாக்கி’ என்பதில் வரும் மெல்லிய ஒலியாக. வாழை பாளெ, வெல்லம் பெல்ல, வேம்பு பேவு, வெண்டை பெண்டெ. இந்த இரண்டு ஒலித்தொடர்புகளும் பிடிபட்டுவிட்டால் காய்கறிக் கடையின் பாதி தமிழருடையது. எவரும் விதியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்முன் பொருள் இருக்கிறது, பெயர் காதில் விழுகிறது, நான்கைந்து இணைகள் சேர்ந்ததும் மனம் தானே விதியை வகுத்துக்கொள்கிறது.

இப்போது ஒரு தொடர்: ‘ஹாலு பேட, ஹூ பேகு.’ பால் வேண்டா, பூ வேண்டும். மேற்சொன்ன தொடர்புகள் தெரிந்தவருக்கு இதில் புதியதாக இருப்பது ‘பேகு’ ஒன்றுதான். ‘பேட’ வேண்டாவின் உறவு என்று பிடிபட்டதும், எதிரே நிற்பது அதன் எதிர்ச்சொல் என்று விளங்கிவிடும். i+1 என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அடுத்தது: ‘ஹூ எல்லி சிக்குத்தெ?’ பூ எங்கே கிடைக்கும்? சிக்குதல் என்பது தமிழில் அகப்படுதல். அதிலிருந்து கிடைத்தலுக்கு ஒரு எட்டுதான். ‘எல்லி’ புதிது. ஆயினும் அல்லி, இல்லி என்பவற்றை முன்பே கேட்டிருந்தால், அங்கு இங்கு எங்கு என்ற தமிழ் வரிசை உதவிக்கு வரும். மூன்றாவது: ‘பெல்ல தும்ப துபாரி.’ வெல்லம் தவிர மற்ற இரண்டும் இருட்டு. கடைக்காரர் முகம் சுளித்து, விரல்களை விரித்துக் காட்டினால் ‘விலை மிக அதிகம்’ என்பது விளங்கிவிடும். கைபேசியில் கேட்டால் விளங்காது. ஆக, ஒரே தொடர் கடைக்கு எதிரில் +1 ஆகவும், கைபேசியில் +3 ஆகவும் இருக்கிறது. உள்ளீட்டின் கடினம் சொற்களில் மட்டும் இல்லை, சொல்லப்படும் இடத்திலும் இருக்கிறது. பாடநூல் தயாரிப்போர் சொற்பட்டியலை எண்ணிப் பாடத்தின் நிலையை முடிவு செய்வது இதனாலேயே பயனற்றுப் போகிறது.

பாடநூலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நூலில் ஹாலு என்று படித்தவர் கொள்ளேகாலைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றுக்குப் போனால் ‘ஆலு’ என்று கேட்க நேரும். பழைய மைசூர்ப் பகுதியின் நாட்டுப்புறப் பேச்சில் சொல்முதல் ஹகரம் உதிர்வது இயல்பு. ஹோகு ‘ஓகு’ ஆகும், ஹூ ‘ஊ’ ஆகும். பாலிலிருந்து ஹாலுக்கு ஓர் எட்டு. பாலிலிருந்து ஆலுக்கு இரண்டு எட்டு, இடைப்படியும் கண்ணில் படாது. பெங்களூரில் அச்சிட்ட பாடத்தில் +1 ஆக இருந்தது, யாருக்காக அச்சிட்டார்களோ அவருடைய அண்டை வீட்டில் +2 ஆகிவிடுகிறது.

இதுவரை கிராஷனுக்குச் சாதகமான பக்கம். உறவுமொழிகளில் புரிதல் எளிதாகக் கிடைக்கிறது என்பதே அடுத்து வரும் தொல்லைக்கும் காரணம்.

முதலில், புரியாமலே புரிந்துவிட்டதுபோல் தோன்றும் நிலை. பூக்காரர் ‘ஹூ இல்லி இதெ’ என்கிறார்; பூ இங்கே இருக்கிறது என்று பொருள். தமிழ்க் காதில் அது ‘பூ இல்லை’ என்று விழும். இந்தப் பிழைக்கு ஆயுள் குறைவு; பூக்கூடை கண்முன் இருப்பதால் அடுத்த நொடியே திருத்திக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் ‘ஹள்ளிகெ ஹோக்தீனி’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். பகர ஹகர விதியை நன்றாகக் கற்ற தமிழர் அதைப் ‘பள்ளிக்குப் போகிறேன்’ என்று பிழையின்றி மாற்றிக்கொள்வார். அவர் போனதோ சிற்றூருக்கு. (திருச்சிராப்பள்ளியில் உள்ள பள்ளியை நினைத்திருந்தால் தப்பித்திருக்கலாம், அந்த நேரத்தில் யார் நினைக்கிறார்கள்?) பேசியவர் ஆசிரியராகவோ மாணவராகவோ இருந்துவிட்டால் சூழலும் பிழைக்குத் துணைபோகும், பல நாள் அது திருந்தாது. உள்ளீடு புரிந்ததா, புரியவில்லையா என்ற இரண்டு நிலைகளை மட்டும் வைத்துப் பேசும் கொள்கையில், உறுதியோடு தவறாகப் புரிந்துகொள்ளும் இந்த மூன்றாம் நிலைக்கு இடமே இல்லை. ‘புரிகிறதா?’ என்று வகுப்பில் கேட்கும் ஆசிரியருக்கு இங்கே ‘புரிகிறது’ என்ற விடைதான் வரும். அது பொய்யும் அன்று.

இரண்டாவது தொல்லை இன்னும் ஆழமானது. சரியாகவே புரிகிறது, ஆண்டுக்கணக்கில் புரிகிறது, ஆனாலும் ஒரு கூறு மட்டும் உள்ளே போவதில்லை. அதைக் காண, திசையை மாற்றித் தமிழ் கற்கும் கன்னடரைப் பார்க்க வேண்டும். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு: கேட்பவரையும் உட்படுத்தும் நாம், கேட்பவரை விலக்கும் நாங்கள். இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் ‘நாவு’ ஒன்றே. கன்னடர் தமிழில் எதைக் கேட்டாலும் நாம், நாங்கள் இரண்டையும் நாவு என்றே எடுத்துக்கொள்கிறார். யார் யார் என்பதைச் சூழல் சொல்லிவிடுகிறது. பொருள் ஒருபோதும் தடைப்படுவதில்லை. தடைப்படாததால், வேறுபாட்டைக் கவனிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தமிழின் இயல்பும் இதற்கு உடந்தை. ‘போகிறோம்’ என்ற வினைமுற்று இரண்டுக்கும் பொது. பேச்சில் எழுவாயை விட்டுவிடுவதும் வழக்கம். ஆகவே எவ்வளவு தமிழ் கேட்டாலும் அந்த வேறுபாடு காதில் விழும் வாய்ப்பு குறைவு. விழுந்தாலும் பொருளுக்குத் தேவைப்படும் வாய்ப்பு அதனினும் குறைவு.

விளைவு பேசும்போது தெரியும். பட்டு வணிகர் ஒருவர் தம் தமிழ் நண்பரிடம், ‘நாளைக்கு நாம மாதேஸ்வரன் மலைக்குப் போறோம்’ என்கிறார். சொல்ல வந்தது தம் குடும்பத்தின் பயணத்தை. நண்பர் காதில் அது அழைப்பு. மறுநாள் விடியலில் அவர் குளித்து, திருநீறு பூசி, பையோடு வாசலில் வந்து நிற்பார். மறுதலையாக, அழைக்க வேண்டிய இடத்தில் ‘நாங்க போறோம்’ என்று சொல்லிவிட்டால், கேட்டவர் ஒன்றும் பேசமாட்டார், மனத்தில் வைத்துக்கொள்வார். இரண்டாவது பிழைதான் ஆபத்தானது, ஏனெனில் அதை எவரும் திருத்தப் போவதில்லை. ‘உன் தமிழ் தவறு’ என்று எண்ணாமல், ‘என்னை விலக்கிவிட்டார்’ என்றே எண்ணுவார்கள்.

இதே வடிவத்தில் இன்னொரு நாட்டுச் சான்று உண்டு. கனடாவில் 1965 முதல் ஆங்கிலக் குழந்தைகளுக்குப் பாடங்கள் அனைத்தையும் பிரெஞ்சு மொழியிலேயே நடத்தும் பள்ளிகள் தொடங்கின. புரியும் உள்ளீடு அங்கே பல ஆண்டுகள் நாள்தோறும் கிடைத்தது. பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் அம்மொழிக் குழந்தைகளுக்கு அருகில் வந்தார்கள். பேசும்போதும் எழுதும்போதும் மட்டும் இலக்கணக் கூறுகளில் தடுமாற்றம் நீடித்தது. மெரில் ஸ்வெய்ன் 1985இல் இதைச் சுட்டி, கற்பவர் தாமே பேசியும் எழுதியும் பார்க்கும்போதுதான் தம் குறையைக் காண்கிறார் என்று வாதிட்டார். பொருளைப் பிடிக்க இலக்கணம் தேவைப்படாதபோது மனம் அதைத் தாண்டிப் போய்விடுகிறது என்று பில் வான்பாட்டன் பின்னர் விளக்கினார். ‘நேற்று வந்தேன்’ என்ற தொடரில் நேற்று என்ற சொல்லே இறந்தகாலத்தைச் சொல்லிவிடுகிறது. வினையின் இடைநிலையை எவரும் கேட்பதில்லை. உறவுமொழிகளில் இந்தத் தாண்டல் பன்மடங்கு எளிது. கொள்ளேகால் வணிகர் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தமிழில் பேசத் தயங்குவதைச் சோம்பல் என்றும் மொழிப்பற்று என்றும் சொல்வோர் உண்டு. அவருக்குத் தேவையான எல்லாம் புரிந்துவிட்டது என்பதே போதுமான விளக்கம்.

அப்படியானால் இலக்கணப் பட்டியலுக்குத் திரும்புவதா? வேண்டியதில்லை. கிராஷனின் நூல்கள் வெளிவருவதற்கு முன்பே, 1979இல், கொள்ளேகாலிலிருந்து ஒரு பகல் பயணத் தொலைவில் இதற்கு வேறொரு வழி தேடப்பட்டது. என்.எஸ். பிரபு தலைமையில் பெங்களூரில் தொடங்கிய அம்முயற்சி 1984 வரை நடந்தது. சென்னையிலும் கடலூரிலும்கூட வகுப்புகள் இருந்தன. ஆங்கிலம் கற்பிப்பதே நோக்கம், ஆனால் மொழிப் பாடமே கிடையாது. தொடர்வண்டிக் கால அட்டவணை, வரைபடம், விலைக் கணக்கு போன்றவற்றில் ஒரு புதிர். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் உரக்கப் பேசிக் கேள்வி கேட்டு ஒன்றைத் தீர்ப்பார். பிறகு அதைப்போன்ற இன்னொன்றை ஒவ்வொரு மாணவரும் தனியே தீர்ப்பார். மதிப்பெண் விடைக்குத்தான், மொழிக்கு இல்லை. புதிர் தகுந்த கடினம்தானா என்பதற்குப் பிரபு கைக்கொண்ட அளவுகோல் மிக எளியது: குறைந்தது பாதி மாணவர் குறைந்தது பாதிப் புதிரையாவது சரியாக முடிக்க வேண்டும். +1 எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ஓர் ஆசிரியர் வகுப்பு முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் விடை காணக்கூடிய ஒரே வழி அது. கிராஷனின் குறியீட்டைவிட அது பல மடங்கு பயனுடையது. உலகம் குறியீட்டை நினைவில் வைத்து அளவுகோலை மறந்தது வருந்தத்தக்கது.

அந்த வழியில் நாம், நாங்கள் வேறுபாட்டுக்கு ஒரு புதிரை இப்படி அமைக்கலாம். கன்னட மாணவர் கையில் ஐந்து பெயர்கள், இரண்டு வண்டிகள் வரைந்த தாள். வண்டி ஒன்றுக்கு மூன்று இடம். ஆசிரியர் ஒரு சிறு உரையாடலைப் படிக்கிறார். முருகன் செல்வியிடம், ‘நாங்கள் முதல் வண்டியில் போகிறோம்’ என்கிறான். அப்படியானால் செல்வி முதல் வண்டியில் இல்லை. பிறகு கமலா செல்வியிடம், ‘நாம் இரண்டாவது வண்டியில் போகலாம்’ என்கிறாள். அப்படியானால் இருவரும் ஒரே வண்டி. கடைசியில் யார் எங்கே என்று நிரப்ப வேண்டும். இரண்டு சொற்களையும் நாவு என்றே கேட்கும் மாணவருக்கு முதல் வண்டியில் நான்கு பேர் சேர்ந்துவிடுவர், இடம் போதாது, கணக்கு உதைக்கும். எவரும் திருத்தாமல் அவரே திரும்பிப் பார்ப்பார். சந்தையில் ஒருபோதும் நிகழாத ஒன்று இங்கே நிகழ்கிறது: அந்தச் சிறு சொல் இல்லாமல் பொருள் கிடைப்பதில்லை. உள்ளீடு புரியும்படி இருக்க வேண்டும் என்பதோடு, புரிவதற்கு எந்தக் கூறு தவிர்க்க முடியாதது என்பதையும் ஆசிரியர் முடிவு செய்கிறார். கிராஷன் விட்டுவிட்ட பாதி இதுவே.

பிரபுவின் முயற்சியும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. பெரெட்டாவும் டேவிஸும் 1985இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புதிர்வழி கற்றோர் புதிர்வகைத் தேர்விலும், பழைய முறையில் கற்றோர் இலக்கண அமைப்புத் தேர்விலும் முந்தினார்கள். எதைப் பழகினார்களோ அதில் தேர்ந்தார்கள் என்று ஒருவர் சலித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் ஒரு புதிர் புனைவது ஆசிரியருக்குப் பெரும் வேலை என்பதும் உண்மை.

இந்த வாதம் வெறும் கல்விக்கூட வாதமாக நில்லாமல் போகும் இடம் கொள்ளேகாலைச் சுற்றிய மலைகள். பிளிகிரிரங்கன் மலையிலும் மாதேஸ்வரன் மலையிலும் வாழும் சோளகரின் மொழி கன்னடத்திற்கு மிக நெருங்கியது. அதைக் கன்னடத்தின் கிளைமொழி என்று தள்ளிவிடுவோரும் உண்டு. கர்நாடகப் பக்கத்துச் சோளகக் குழந்தை கன்னடவழிப் பள்ளியில் அமர்கிறது. எல்லைக்கு இப்பால் சத்தியமங்கலம் மலைப்பகுதியில் அதே மொழி பேசும் குழந்தை தமிழ்வழிப் பள்ளியில் அமர நேர்கிறது. தமிழ்வழியில் அமர்ந்த குழந்தைக்கு மொழி புதிது என்பதை ஆசிரியர் உணரவாவது வழியுண்டு. கன்னடவழியில் அமர்ந்த குழந்தைக்கு ‘இது உன் மொழிதானே’ என்ற எண்ணமே தடையாகிறது. அது தலையசைக்கும், கட்டளைகளுக்கு எழும், அமரும். பாடநூல் கன்னடத்தின் உருபுகளும் நீண்ட தொடர்களும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். மூன்றாம் வகுப்பில் கணக்கை வாக்கியமாகக் கொடுக்கும்போதுதான் குறை தெரியவரும். அப்போது குழந்தைக்குக் கணக்கு வரவில்லை என்று எழுதப்படும்.

அந்த வகுப்பில் ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘அர்த்த ஆய்தா?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரே ஓர் உருபு மாறினால் விடை மாறிவிடும் இரண்டு தொடர்களைச் சொல்லி, குழந்தையைப் படம் ஒன்றைத் தொடச் சொல்லலாம். ‘ராம பீமனன்னு ஹொடெத’ என்றால் அடித்தவன் ராமன். ‘ராமனன்னு பீம ஹொடெத’ என்றால் அடித்தவன் பீமன். பெயர்களின் வரிசை ஒன்றே. மாறியது உருபின் இடம் மட்டும். பாதிப் பிள்ளைகள் சரியான படத்தைத் தொட்டால் அடுத்த பாடத்திற்குப் போகலாம். தொடாவிட்டால், வகுப்பில் அன்றுவரை புரிந்ததாக எண்ணிய பக்கங்களை மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.